மலையணிலுக்கு நாலு வரி

போடிநாயக்கனூரில் கிழக்கு வெளுக்கும் முன்பே ஜீப்புகள் கிளம்பிவிடும். ஏலத்தோட்ட வேலைக்கு ஆள் ஏற்றிக்கொண்டு, 17 கொண்டை ஊசி வளைவுகளும் ஏறி, போடிமெட்டைத் தாண்டி அந்தப் பக்கம் போகிற வண்டிகள். அப்படி ஒரு வண்டி ஓட்டுகிற தம்பி ஒருவர் சாயங்காலம் டீக்கடை பெஞ்சில் என் பக்கத்தில் உட்கார்ந்து, சட்டைப்பையிலிருந்து மடித்த ஒரு தாளை எடுத்து நீட்டினார். நாலாம் வகுப்புப் படிக்கிற மகள் எழுதியது. பிடித்த விலங்கைப் பற்றி நாலு வரியில் பாட்டு எழுதி வரச்சொல்லி வகுப்பில் சொல்லியிருக்கிறார்கள்.

அணில் மரத்தில் ஓடும்
அழகாய்ப் பாட்டுப் பாடும்
வாலை ஆட்டி ஆடும்
வீட்டை நோக்கி ஓடும்

“நல்லாத்தான் இருக்கு சார். ஆனா அவளுக்கே பிடிக்கல. என்ன கொறைன்னு எனக்குச் சொல்லத் தெரியல” என்றார்.

பிள்ளைக்குப் பிடிக்கவில்லை என்றால் அவள் காது சரியாக இருக்கிறது என்று அர்த்தம். இந்த நாலு வரியில் குறை என்னவென்று கண்டுபிடிக்க ஓர் எளிய வழி உண்டு. ‘அணில்’ என்பதை எடுத்துவிட்டு வேறொரு பெயரை வைத்துப் பாருங்கள். மயில் மரத்தில் ஓடும் என்று வையுங்கள். மரத்தைத் தெருவாக்கி, நாய் தெருவில் ஓடும் என்று வையுங்கள். பாட்டு அப்படியே நிற்கும். வால் உள்ள எந்த உயிருக்கும் இது பொருந்தும். அணில் பாட்டுப் பாடுமா என்று கேட்டால் எழுதிய பிள்ளையே சிரிக்கும். ‘ஓடும்’ இருக்கிறது, அதற்கு இணையாக ஒன்று வேண்டும், அதனால்தான் ‘பாடும்’ வந்தது. அணிலிடமிருந்து அது வரவில்லை.

இது அந்தப் பிள்ளையின் தவறே இல்லை. பாட்டு என்றால் வரியின் கடைசியில் ஒலி ஒத்துப்போக வேண்டும் என்றுதான் இப்போது நாம் சொல்லிக்கொடுக்கிறோம். மழலையர் வகுப்பில் கேட்கிற ஆங்கிலப் பாட்டுகள் அப்படித்தான் இருக்கின்றன. ஆங்கிலத்தில் வினைச்சொல் வாக்கியத்தின் நடுவில் வந்துவிடும். கடைசியில் என்ன சொல் விழும் என்று தெரியாது. அதற்கு இணை தேடுவது ஒரு வேலை. தமிழில் வாக்கியம் முடிகிற இடத்தில் வினைதான் நிற்கும். ஓடும், பாடும், தேடும், வரும், தரும் என்று எல்லாம் ஒரே மாதிரி முடியும். தேடாமலே கடைசி ஒலி கிடைத்துவிடுகிறது. அதற்கு நம் யாப்பில் இயைபு என்று பெயர். இயைபு கெட்டது என்று நான் சொல்லவில்லை. கவிமணியும் அழ. வள்ளியப்பாவும் குழந்தைகளுக்கு எழுதும்போது அதை இனிமையாகக் கையாண்டிருக்கிறார்கள். முதன்முதலாக எழுதுகிற பிள்ளைக்கு அதை மட்டும் கொடுத்தால் வேலை சீக்கிரம் முடிந்துவிடுகிறது, விலங்கு வெளியே நின்றுவிடுகிறது. அதுதான் சிக்கல்.

தமிழ்க் காது ஒலியை முதலில் தேடுகிற இடம் வரியின் தொடக்கம். இரண்டு வரிகளின் முதல் சொல்லில் இரண்டாவது எழுத்து ஒத்துவந்தால் எதுகை. முதல் எழுத்து ஒத்துவந்தால் மோனை. பிள்ளைக்கு இந்தப் பெயர்களைச் சொல்லவே வேண்டாம். ‘பட்டு, கட்டு, கொட்டு, முட்டு’ என்று நாலு சொல்லை உரக்கச் சொல்லிவிட்டு, “எந்த எழுத்து எல்லாத்துலயும் வருது?” என்று கேட்டால் போதும். புள்ளி வைத்த எழுத்தையும் ஓர் எழுத்தாகவே எண்ண வேண்டும். அதனால் ‘பட்டு’வில் இரண்டாவது எழுத்து ‘ட்’. பிறகு ‘பாட்டு’ என்று சொல்லிப்பாருங்கள். அங்கேயும் இரண்டாவது எழுத்து ‘ட்’தான், ஆனால் பட்டு, கட்டு வரிசையில் அது சேராது. முதல் எழுத்து குறிலாக இருந்தால் அடுத்த வரியிலும் குறில் வேண்டும், நெடிலாக இருந்தால் நெடில் வேண்டும். பாட்டு, மாட்டு, கூட்டு, வீட்டு என்று அது தனிக் குடும்பம். நாலாம் வகுப்புப் பிள்ளை இதைச் சொல்லிப் பார்த்தே கண்டுபிடித்துவிடும்.

எதுகையால் கிடைக்கிற நன்மை இனிமை மட்டும் இல்லை. ஏலக்காயைச் சல்லடையில் சலிக்கும்போது சின்னக் காய்கள் கீழே விழுந்துவிடும், பருங்காய் மட்டும் மேலே நிற்கும் அல்லவா, எதுகையும் அப்படித்தான் சொற்களைச் சலிக்கிறது. முதலில் வாய்க்கு வருகிற ‘அழகாய்’, ‘நல்ல’, ‘ரொம்ப’ எல்லாம் அதில் விழுந்துவிடும். வேறு சொல் தேடியாக வேண்டும். தேடும்போது பிள்ளை தன் விலங்கை இன்னொரு தடவை மனசுக்குள் பார்த்தாக வேண்டியிருக்கும். அந்த இரண்டாவது பார்வைக்காகத்தான் இவ்வளவு மெனக்கெடுகிறோம்.

மறுநாள் தம்பி மகளையும் கூட்டிவந்தார். எழுத உட்காரும் முன் நான் நோட்டைத் திறக்கச் சொல்லவில்லை. எந்த அணில் என்று கேட்டேன். ஊர் அணிலா? முதுகில் கோடு போட்டதா?

“இல்ல சார், மலையணில். அம்மா வேலை பார்க்குற தோட்டத்துல இருக்கும். பெருசு.”

ஏலச்செடிக்கு நிழல் வேண்டும். அதனால் மலைச்சரிவில் பெரிய மரங்களை விட்டுவைத்திருப்பார்கள், பலா மரமும் நடுவில் நிற்கும். அந்த மரங்களின் உச்சிக் கிளைகள்தான் மலையணிலின் ஊர். உடம்பே ஒரு அடிக்கு மேல் இருக்கும், வால் அதைவிட நீளம். முதுகு கருஞ்சிவப்பும் கறுப்புமாக, வயிறு வெளிறிய மஞ்சளாக இருக்கும். ஒரு மரத்திலிருந்து இன்னொரு மரத்துக்குச் சில சமயம் இருபது அடி தாவும். குச்சியும் இலையும் சேர்த்துப் பந்து மாதிரி கூடு கட்டும். தரைக்கு இறங்குவது மிக அபூர்வம். இதெல்லாம் எனக்குத் தெரியும், ஆனால் இதில் ஒன்றைக்கூட அவளிடம் நான் சொல்லவில்லை. நான் சொன்னால் பாட்டு என் பாட்டு ஆகிவிடும். விலங்கைப் பற்றிய பொதுஅறிவை முதலிலேயே கொட்டிவிட்டால், பிள்ளை பார்த்ததை விட்டுவிட்டுக் கேட்டதை எழுதும். வகுப்பறையிலும் வீட்டிலும் அடிக்கடி நடப்பது இதுதான்.

கேள்வி மட்டும் கேட்டேன். எங்கே பார்த்தாய், அப்போது அது என்ன செய்துகொண்டிருந்தது, கையில் என்ன இருந்தது, உன்னைப் பார்த்ததும் என்ன செய்தது. “அழகா இருக்குமா?” என்பது போன்ற கேள்விகள் வேண்டாம், ‘ஆமா’ என்பதோடு பேச்சு முடிந்துவிடும். அவள் சொன்னதை அவள் சொன்னபடியே தாளில் எழுதிக்கொண்டே வந்தேன். மரத்து மேலேயே இருக்கும். பலாப்பழத்தில் ஓட்டை போட்டுச் சுளையை எடுக்கும். பின்னங்காலால் கிளையைப் பிடித்துக்கொண்டு கையால் தின்னும். வால் கீழே தொங்கும். கடகடவென்று கத்தும். ஐந்து செய்தி. நாலு வரிக்கு இதுவே மிச்சம். மூன்று செய்தியாவது கையில் வராமல் எழுதத் தொடங்கக் கூடாது. வராவிட்டால் அன்றைக்கு விட்டுவிட்டு, அடுத்த தடவை போய்ப் பார்த்துவிட்டு வரச்சொல்ல வேண்டியதுதான்.

முதல் வரி. “மலையணில் மரத்து மேல இருக்கு” என்றாள். மேசையில் விரலால் தட்டிக்கொண்டே சொல்லச் சொன்னேன். தட்டுவதற்கு ஒரு கணக்கு உண்டு. நெடிலுக்கு ஒரு தட்டு. இரண்டு குறில் ஒட்டிவந்தால் இரண்டுக்கும் சேர்த்து ஒரு தட்டு. குறிலுக்குப் பின்னால் நெடில் வந்தாலும் அப்படியே. புள்ளி எழுத்துக்குத் தனித் தட்டு கிடையாது, முன்னால் உள்ளதோடு சேர்ந்துகொள்ளும். தனியாக நிற்கிற குறிலுக்கு ஒரு தட்டு. பெரியவர்களுக்கு இது அசை பிரிப்பது என்று நினைவு வரும். பிள்ளைக்கு விளக்கவே வேண்டியதில்லை, நீங்கள் இரண்டு சொல்லைத் தட்டிக்காட்டினால் மூன்றாவதை அது தானாகத் தட்டும். மலை, யணில், மரத், து, மே, ல, இருக், கு. எட்டுத் தட்டு.

எட்டு ஒன்றும் பாவம் இல்லை. ஆனால் முதல் பாட்டுக்கு ஆறு தட்டு நல்ல அளவு. இரண்டிரண்டாக மூன்று சொல், ஒரே மூச்சில் சொல்லிவிடலாம். “இருக்குன்னு சொல்லணுமா? சொல்லாட்டி இல்லைன்னு ஆயிருமா?” என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டு அதை அடித்தாள். மிச்சம் இருந்ததை முன்பின்னாக மாற்றி இரண்டு விதமாகச் சொல்லிப் பார்த்தோம். ‘மலையணில் மரத்து மேலே’ என்பதைவிட ‘மரத்து மேலே மலையணில்’ என்பது அவளுக்குப் பிடித்திருந்தது. முதலில் மரம் தெரிகிறது, அப்புறம் மேலே பார்த்தால் அணில். தோட்டத்தில் அவள் பார்த்த வரிசையும் அதுதான். மரத்துவில் ஒரு ‘ம’, மேலேயில் ஒரு ‘மே’, மலையணிலில் இன்னொரு ‘ம’. அந்த மோனை தானாக வந்து விழுந்தது. எழுதி முடித்த பிறகுதான் அதைச் சுட்டிக்காட்டினேன். முன்கூட்டியே கேட்டிருந்தால் ‘ம’வில் தொடங்குகிற சொற்களாகக் கோத்து ஒரு வரி செய்திருப்பாள்.

இப்போது முதல் சொல் ‘மரத்து’. இரண்டாவது எழுத்து ‘ர’. அடுத்த வரியின் முதல் சொல்லிலும் இரண்டாவது எழுத்து ‘ர’வாக இருக்க வேண்டும், முதல் எழுத்து குறிலாக இருக்க வேண்டும். ரா, ரி, ரு எது வந்தாலும் இப்போதைக்குச் சரி என்று சொல்லிவிட்டேன். அதற்கும் இலக்கணத்தில் இடம் உண்டு. வாய்க்கு வந்ததையெல்லாம் சொல்லச்சொல்லி அப்பாவையும் சேர்த்துக்கொண்டோம். விரல், குரல், குரங்கு, கரடி, உரல், பரண், வரப்பு, இரண்டு, உரித்து. இந்தப் பட்டியல் எழுதும்போது அணிலை மறந்துவிட வேண்டும். பொருத்தம் பார்த்துப் பார்த்துச் சொன்னால் மூன்று சொல்லோடு நின்றுவிடும். பத்துச் சொல் வந்த பிறகு ஒவ்வொன்றாக எடுத்து, இது உன் அணிலிடம் இருக்கிறதா என்று கேட்க வேண்டும்.

குரங்கை முதலில் எடுத்தாள். குரங்கு வந்தால் அணில் ஓடிவிடும் என்று எழுதலாமா என்றாள். பார்த்தாயா என்று கேட்டேன். இல்லை. விட்டுவிட்டோம். அப்பா ‘உரித்துத் தின்னும் பலாச்சுளை’ என்றார். தட்டிப் பார்த்தால் சரியாக ஆறு தட்டு, எதுகையும் இருக்கிறது. நானாக இருந்தால் எடுத்துக்கொண்டிருப்பேன். பிள்ளை தலையை ஆட்டினாள். “அது உரிக்காதுப்பா. ஓட்டைதான் போடும்.” இந்த இடத்தில் பெரியவர்கள் அடம்பிடிக்கக் கூடாது. ஒலி பொருந்துகிறது என்பதற்காகப் பார்த்ததை மாற்றச் சொன்னால், அணிலைப் பாட வைத்த பழைய பாட்டுக்கே திரும்பிவிடுவோம்.

‘இரண்டு’ பட்டியலில் சும்மா கிடந்தது. அதில் என்ன இருக்கிறது, வெறும் எண்தானே என்றாள். அதனிடம் இரண்டாக இருப்பது எது என்று கேட்டேன். கண், காது, கை. சொன்னவுடனே கையைத் தூக்கி, இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் எதையோ பிடித்துக் கடிக்கிற மாதிரி செய்துகாட்டினாள். பின்னங்காலால் கிளையைப் பிடித்துக்கொள்வதால்தான் அதற்கு முன்னால் இரண்டு கையும் காலியாக இருக்கிறது என்பதும் அப்போதுதான் அவள் வாயில் வந்தது. எதுகை இழுத்துவந்த பார்வை இது. ‘இரண்டு கையால் பலாச்சுளையைத் தின்னும்’ என்று எழுதினாள். தட்டினாள். ஒன்பது. ‘தின்னும்’ போனால் ஏழு. ‘பலாச்சுளையை’ என்பதிலிருந்து ஐ போனால் ஆறு. ‘கையால்’ என்பது தின்பதோடு சேர்ந்த சொல், தின்பது போய்விட்டதால் அது ‘கையில்’ ஆயிற்று. இரண்டு கையில் பலாச்சுளை. வினையே இல்லாத வரி. கையில் பலாச்சுளை இருந்தால் அணில் என்ன செய்யும் என்று யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை.

மூன்றாவது வரியை எதுகைக்குக் கட்டாமல் சுதந்திரமாக விட்டேன். முதல் இரண்டும் ஒரு ஜோடி, பின்னிரண்டும் ஒரு ஜோடி. நாலு வரிக்கும் ஒரே எதுகை என்று பிடிவாதம் பிடித்தால் நாலாம் வகுப்புப் பிள்ளைக்கு அது சுமை. ‘வால் ரொம்ப நீளம்’ என்றாள். எவ்வளவு என்று கேட்டேன். முழங்கையிலிருந்து விரல் நுனிவரை காட்டினாள். பூக்கடையில் அதற்கு என்ன சொல்வார்கள் என்று அப்பா கேட்டதும் ‘ஒரு முழம்’ என்றாள். ‘ரொம்ப’ போய் முழம் வந்தது. வாலின் நீளம் ஒருமுழம். வா, லின், நீ, ளம், ஒரு, முழம். ஆறு.

நாலாவது வரிக்குத்தான் அதிக நேரம் ஆயிற்று. ‘வாலின்’ நெடிலில் தொடங்குகிறது, இரண்டாவது எழுத்து ‘லி’. வேலி, கூலி, தாலி, கோலி, நாலு, காலை, மாலை, சோலை, சேலை, கால். பட்டியல் கொழுத்துவிட்டது. ‘கோலிக் குண்டுக் கண்ணுடன்’ என்றாள். தட்டினால் கணக்காக ஆறு. நல்ல வரி, நானே சந்தோஷப்பட்டேன். ஆனால் பெயரை மாற்றிப் பார்க்கிற அந்தச் சோதனையை அவளே வைத்தாள். பூனைக்கும் கோலிக் குண்டுக் கண்தானே சார். சரி, அதை ஓரமாக எழுதி வைத்துக்கொள் என்றேன்.

‘காலில்’ என்று தொடங்கினால்? காலில் என்ன இருக்கிறது? நகம். கிளையைப் பிடிக்கும். அதெல்லாம் ஊர் அணிலுக்கும் உண்டு. அப்போது அப்பா கேட்டார், “நீ அதைத் தரையில பார்த்திருக்கியா பாப்பா?” இல்லையே, கீழே வரவே வராதே என்றாள். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “அப்ப அது கால்ல மண்ணே ஒட்டாதுல்ல?” என்றாள். எழுதியது ‘காலில் மண்ணு ஒட்டலே’. ஆறு தட்டு. இப்படியே விட்டிருக்கலாம். பேச்சுத்தமிழ் பாட்டுக்குத் தீட்டு இல்லை. தாலாட்டும் தெம்மாங்கும் நமக்கு அப்படித்தானே வந்தன. ஆனால் மற்ற மூன்று வரியும் எழுத்துத் தமிழில் இருப்பதால் இது மட்டும் தனியாக நிற்கிறது என்று அவளே உணர்ந்தாள். மண் ஒட்டவில்லை என்பதை வேறு எப்படிச் சொல்லலாம் என்று இரண்டு மூன்று விதமாகச் சொல்லிப் பார்த்துப் ‘புழுதி’க்கு வந்து சேர்ந்தாள். ஜீப் போகிற வழியெல்லாம் அவள் தினமும் பார்க்கிற புழுதி.

மரத்து மேலே மலையணில்
இரண்டு கையில் பலாச்சுளை
வாலின் நீளம் ஒருமுழம்
காலில் இல்லை புழுதியே

பழைய சோதனையை இதற்கும் வைத்துப் பாருங்கள். மலையணில் இருக்கிற இடத்தில் நாயையோ மயிலையோ வைக்க முடியாது. ஊர் அணிலைக்கூட வைக்க முடியாது. கடைசி எழுத்து எந்த வரியிலும் ஒத்துவரவில்லை, ஆனாலும் உரக்கச் சொன்னால் பாட்டாகத்தான் கேட்கிறது.

யாப்பு தெரிந்தவர்கள் இதைச் சீர் பிரித்துப் பார்த்தால் ஆச்சரியப்படுவார்கள். முதல் இரண்டு வரியும் புளிமா, தேமா, கருவிளம் என்று ஒன்றுபோலவே போகின்றன. பின்னிரண்டும் தேமா, தேமா, கருவிளம். யாரும் அவளுக்கு வாய்ப்பாடு சொல்லிக்கொடுக்கவில்லை. விரல் தட்டியே வந்தது இது. அசை, சீர் என்ற பெயர்களைப் பிறகு பாடத்தில் சந்திக்கும்போது, தன் பாட்டை எடுத்துப் பிரித்துப் பார்க்கச் சொன்னால் அது போதும். இப்போதே பெயர்களைத் திணித்தால் தட்டுவதை விட்டுவிட்டு மனப்பாடம் செய்யத் தொடங்கிவிடும்.

கடைசி ‘ஏ’ பற்றி ஒரு வார்த்தை. புழுதி என்று நிறுத்தினால் தட்டுக்கு ஆறு வந்துவிடும், ஆனால் மற்ற வரிகளின் முடிவைப் போல அழுந்தி நிற்காது. அதனால் ‘புழுதியே’. பாட்டு முடிகிற இடத்தில் ஒரு ஏகாரம் வைப்பது நம் மரபும்கூட. ருசி கண்டுவிட்டால் பிள்ளைகள் எல்லா வரியிலும் அணிலே, பலாவே, முழமே என்று ஒட்டிவிடுவார்கள். ஒரு பாட்டுக்கு ஒரு ஏகாரம் என்று அளவு வைத்துக்கொள்வது நல்லது.

இன்னொரு இடத்திலும் வழுக்கும். நம் பக்கத்துப் பேச்சில் ‘ழ’ பெரும்பாலும் ‘ள’வாகிவிடுகிறது. அதனால் வாழைக்கும் காளைக்கும் எதுகை என்று பிள்ளை கொண்டுவரும். காதுக்கு அது சரிதான். ‘தப்பு’ என்று அடித்துவிடாமல், பாட்டு முடியும்வரை இருக்கட்டும் என்று விட்டு, பிறகு இரண்டையும் எழுதிக்காட்டி எழுத்து வேறு என்று சொல்லலாம். எழுத்துப் பிழை திருத்துவதும் அப்படியே. சொல் தேடிக்கொண்டிருக்கிற நேரத்தில் சிவப்புப் பேனாவை எடுத்தால் தேடல் நின்றுவிடும். எழுத்துக்கூட்டவே தடுமாறுகிற சின்னப் பிள்ளை என்றால் தாளே வேண்டாம், வாயால் சொல்லட்டும், நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். ஒரு தடவைக்கு அரைமணி நேரத்துக்கு மேல் இழுக்கவும் வேண்டாம். நாலாவது வரி அன்றைக்கு வராவிட்டால் மூன்று வரியோடு தூங்கப் போகட்டும்.

எல்லா விலங்கும் மலையணில் மாதிரி ஒத்துழைக்காது. பெயரையே முதல் சொல்லாக வைக்கும்போது பார்த்து வைக்க வேண்டும். எருமை என்று தொடங்கினால் அருமை, பெருமை என்று எதுகை வரிசையாக வந்து நிற்கும், அத்தனையும் கண்ணால் பார்க்க முடியாத சங்கதிகள். எருமையை எழுத வேண்டும் என்றால் சேற்றிலிருந்தோ கொம்பிலிருந்தோ தொடங்கி, பெயரை வரியின் கடைசிக்குத் தள்ளிவிடுங்கள். ஆடு என்று தொடங்கினால் ஓடு, பாடு, தேடு எல்லாம் வந்து பழைய குழியில் தள்ளும். காடு, மேடு, கூடு, கோடு என்ற பெயர்ச்சொற்களாகத் தேடச்சொன்னால் தப்பிக்கலாம். யானைக்குப் பானை உண்டு, மலைக்கிராமத்தில் காப்பி மூட்டை சுமந்து இறங்குகிற குதிரைக்கு ‘எதிரே’ உண்டு.

நம் பக்கத்துப் பிள்ளைகளில் பலபேருக்குப் பிடித்த விலங்கு அரிக்கொம்பன். 2023 மே மாதம் கம்பம் ஊருக்குள் அந்த யானை வந்தபோது பார்த்தவர்களைவிடத் தொலைக்காட்சியில் பார்த்தவர்கள்தான் அதிகம். பரவாயில்லை, திரையில் பார்த்ததும் பார்த்ததுதான். கழுத்தில் கட்டியிருந்த பட்டை, லாரியில் நின்ற விதம் என்று திரையில் தெரிந்ததை மட்டும் எழுதட்டும். காட்டில் அது தனியாக அழுதது என்றெல்லாம் எழுத வேண்டாம். அரி என்பதற்கு அரிசியும் வரிசையும் எரியும் எதுகையாக வரும். ரேஷன் கடையில் புகுந்து அரிசி தின்றதால்தான் அந்தப் பெயரே என்று ஊரெல்லாம் பேச்சு இருந்ததால், முதல் வரி கேட்காமலே கிடைத்துவிடும்.

பாட்டு முடிந்த தாளைச் சுத்தமாகப் பிரதி எடுத்துப் பள்ளிக்குக் கொடுக்கலாம். ஆனால் அடித்துத் திருத்திய தாளைத் தூக்கி எறியாதீர்கள். பட்டியல்களும், தள்ளிவைத்த வரிகளும் அதில்தான் இருக்கும். அந்தப் பிள்ளை ஓரமாக எழுதிவைத்த ‘கோலிக் குண்டுக் கண்ணுடன்’ இப்போது பூனைப் பாட்டில் இரண்டாவது வரியாகிவிட்டது. அதற்கு முன்வரியாக ‘வேலி மேலே வெள்ளைப் பூனை’ என்று எழுதியிருக்கிறாள். எதுகை சரி, தட்டினால் எட்டு. இரண்டு தட்டு குறைய வேண்டும். வெள்ளையை எடுத்தால் ‘வேலி மேலே பூனை’, ஆறுக்கு வந்துவிடும். ஆனால் அந்தத் தெருவில் பூனைகள் நிறைய, அவளுடையது மட்டும்தான் வெள்ளை. ‘மேலே’யை எடுக்கலாமா என்று கேட்டுவிட்டுப் போயிருக்கிறாள்.